பதினேழு அடி

குருவி கத்தியது. நிஜக் குருவி இல்லை, வாசல் மணி. பொத்தானை அழுத்தினால் கீச்சுக் கீச்சென்று உயிரை வாங்கும் மணி அது. வீட்டுக்காரர் எந்தக் காலத்திலோ வாங்கி மாட்டியது. இரண்டு தெரு தள்ளிப் படுத்திருக்கும் நாய்கூட அதைக் கேட்டால் தலை தூக்கும்.

அவள் உள்ளறையில், ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். பதினேழு அடியில் பதினொன்றை வைத்தாயிற்று. பன்னிரண்டாவதற்குத் தூக்கிய கால் அந்தரத்தில். எதிரே சின்னத் திரையில் கதாநாயகியும் அதேபோல் ஒரு காலைத் தூக்கியிருந்தாள். மூன்றடி தள்ளி, முழங்கால் உயரத்தில் மைக். அது பன்னிரண்டாவது அடிக்குப் பதிலாகக் குருவியை விழுங்கிக்கொண்டிருந்தது.

போச்சு, என்று காலைக் கீழே வைத்தாள்.

அறைக் கதவு லேசாகத் திறந்தது. அவளுடைய கணவர் தலையை மட்டும் நீட்டினார். காதில் பெரிய ஹெட்போன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"ஓகே. சுத்தமா வந்திருக்கு. இதையே வச்சுக்கலாம்."

குருவி மறுபடியும் மறுபடியும் கத்தியது. அவர் இருந்த இடத்திலிருந்து வாசல் நாலே எட்டு. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "யாரோ வந்திருக்காங்க. கதவைத் திறங்க" என்றாள், வாயை நன்றாக அசைத்து.

"ஆமாமா, இப்பதான் எழுந்திரிக்கப் போனேன்" என்றார் அவர்.

அவளுக்கு அலுப்பாக இருந்தது. கோபம்கூட ஒரு தெம்பு இருந்தால்தான் வரும். நேற்றே ஒன்றை அனுப்பியிருந்தாலும், மாற்றுக்கு ஒன்று இருக்கட்டும் என்று காலையிலிருந்து மறுபடி இதே பதினேழு அடி. மின்விசிறி ஓடினால் மைக்கில் விழும் என்று நிறுத்தி வைத்திருந்தது. ஜன்னலை மறைத்து மெத்தை. கதவுக்குப் பின்னால் இரண்டு போர்வை. துணி அலமாரியின் கதவுகள் அகலத் திறந்து, எதிரொலியை உறிஞ்சுவதற்காகத் தொங்கிய பழைய துணிகள். அறைக்குள் நின்றால் வேகவைத்த உருளைக்கிழங்கின் கதிதான். குளிர்சாதனப் பெட்டியும் அணைந்திருந்தது. மறுபடி போட மறக்காமல் இருக்க, வீட்டுச் சாவியை அதற்குள் வைப்பது அவளுடைய வழக்கம். வெளியே கிளம்பும்போது சாவி தேடினால், பெட்டி ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அவளுடைய தொழில் இதுதான். படத்தில் யாராவது நடந்தால், அந்தக் காலடி அவளுடையது. சட்டை உரசினால், அவள் மைக்கின் முன் கசக்கிய துணி. கதவு திறந்தால், அவள் வீட்டுக் குளியலறைக் கதவு; இதுவரை நாற்பது படங்களில் நடித்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் முப்பத்தெட்டு ஜோடிச் செருப்பு, பூட்ஸ். ஒரு பலகை, ஒரு சதுரக் கல், தட்டு நிறையச் சரளை. ஒரு மரச் சட்டத்தில் விதவிதமாக ஏழு தாழ்ப்பாள்கள். சொந்தக்காரர்கள் வந்தால், "வீட்டுக்குள்ள என்ன, பழைய சாமான் கடையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கீழ் வீட்டு அம்மா ஒருபடி மேலே. "மேல குதிரை ஏதும் வளர்க்கறீங்களா? ராத்திரி பகல்னு இல்லாம டக்கு டக்குனு?" என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்டாள். "தொழில்ங்க, மன்னிச்சுக்குங்க" என்று இவள் சமாளித்திருந்தாள்.

அவள் கணவருக்கும் ஒலிதான் தொழில்; ஒலிப்பதிவாளர். படப்பிடிப்புத் தளத்தில் நீளக் கம்பில் மைக்கைப் பிடித்து, காதால் உலகத்தை அளப்பவர். இருபத்தாறு வருடம். அந்த நாட்களில் அவருக்கு ஈ உட்கார்ந்தாலும் கேட்கும் என்பார்கள். இப்போது படப்பிடிப்பு இல்லாத நாட்களில் அவளுக்காகக் கூடத்துக் கணினியில் உட்கார்ந்து பதிவு செய்து கொடுக்கிறார்.

வந்தது டைரக்டர். இரண்டாவது படம் எடுக்கும் பையன். அவளை அக்கா என்றும் அவரை அண்ணே என்றும் கூப்பிடுவான். இன்றைக்குச் செருப்பைக் கழற்றும்போதே அவன் முகம் சரியில்லை.

"என்ன தம்பி, போன்ல சொல்லியிருந்தா போதாதா? நேர்லயே வந்துட்டீங்க."

"போன்ல சொன்னா நீங்க திட்டிட்டு வச்சிடுவீங்கக்கா."

"இப்ப மட்டும் விட்டுருவேனா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "நேத்து அனுப்பின காலடி கேட்டேன். அந்த விடியக்காலை சீனு."

அந்தக் காட்சி அவளுக்கு மனப்பாடம். தூங்கும் கணவனை எழுப்பாமல், ஒருத்தி விடிவதற்கு முன் வீட்டை விட்டுப் போகிறாள். ஐம்பது வினாடி. பேச்சே கிடையாது. கட்டிலிலிருந்து வாசல் வரை பதினேழு அடி, தோளில் பை, மேலங்கியின் உரசல், தாழ்ப்பாள், கதவு. சத்தத்தை நம்பி எடுத்த காட்சி.

சத்தம்தான் இல்லை. தளத்தில் அவர் பதிவு செய்தது அவ்வளவு மோசம். விளக்குப் பெட்டியிலிருந்து ஊசிபோல் ஒரு கீச்சொலி, முதல் வினாடி முதல் கடைசி வரை. அதையாவது கணினியில் வடிகட்டலாம். மைக் நடிகையின் காலை விட்டு விலகிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை என்ன செய்வது? காலடி எல்லாம் கிணற்றுக்குள் நடப்பதுபோல் மங்கல். விலகிப்போன மைக்கைக் காதுதான் சொல்ல வேண்டும். அது சொல்லவில்லை.

அவர் பதிவு இப்படி ஆவது இது மூன்றாவது படம். முதல் படத்தில் ஒரு காட்சி, இரண்டாவதில் ஆறு, இதில் பாதிப் படம். ஒவ்வொன்றையும் அவள் இந்த அறையில் நடந்து, துணி கசக்கி, கதவு சாத்தி, ஒப்பேற்றிவிட்டாள். கேட்டவர்களிடம் "கேபிள்ல கோளாறு" என்று ஒரு தடவை சமாளித்தாள். "பக்கத்துல ஜெனரேட்டர்" என்று ஒரு தடவை. அவர் எதுவும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேருமே ஒலி ஆட்கள்; ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சத்தமே எழுந்ததில்லை.

அவளுக்கு எப்போது தெரியும் என்றால், போன வருடமே தெரியும். அவர் அடுப்படியில் பாலைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் போய்த் தோளைத் தொட்டாள். மனிதர் பாம்பை மிதித்ததுபோல் துள்ளினார். கொதிக்கிற பால் முழங்கை வரை. இப்போதும் அந்தத் தழும்பு வரைபடம்போல் இருக்கிறது. "நீ வந்ததே தெரியலடி" என்றார், வலியை விட அவமானத்தோடு. அன்றிலிருந்து அவள் அவரைப் பின்னாலிருந்து தொடுவதில்லை.

"காலடிக்கு என்ன குறை?" என்றாள்.

"கோவிச்சுக்கக் கூடாது. அவ திருடி மாதிரி போகணும்க்கா. நீங்க போலீஸ் மாதிரி போறீங்க."

"என்ன நீ."

"நிஜமா. அந்தச் சத்தத்துக்கு அவ புருஷன் என்ன, எதிர் வீட்டுக்காரனே எழுந்து வந்து எங்கம்மா கிளம்பிட்டீங்கன்னு கேப்பான்."

அவள் கணவர் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, டீ போடட்டுமா?" என்றார். யாரும் டீ பற்றிப் பேசவில்லை. டைரக்டர் அவளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"நாளன்னிக்கு சவுண்ட் மிக்ஸிங்" என்றான் அவன். "இன்னிக்கு நான் இங்கயே உக்காந்துடறேன். முடிச்சுட்டுப் போறேன். அப்புறம் அண்ணன்கிட்டயும் ஒரு வேலை இருக்கு. அடுத்த படம், அடுத்த மாசம் கிளம்பறோம். நாப்பது நாள். தேதி கேக்கலாம்னு."

நாற்பது நாள். அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனதை அவள் பார்த்தாள். அந்த வார்த்தை மட்டும் அவர் காதில் சரியாக விழுந்திருந்தது.

மறுபடியும் தொடங்கினார்கள். அவர் கூடத்தில் கணினி முன். கணினியின் இரைச்சல் மைக்குக்கு ஆகாது என்பதால் அது எப்போதும் வெளியில்தான். கதவிடுக்கு வழியாக ஒயர் மட்டும் உள்ளே வரும். அறையில் அவளும் டைரக்டரும். அவன் அலமாரி ஓரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

திரையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மின்னின. நான்காவது மின்ன வேண்டிய இடத்தில் காட்சி ஆரம்பம். அவள் திரையில் இருப்பவளின் காலைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தாள். கால் எப்போது தரையைத் தொடும் என்று தோள் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று. இரண்டு. கட்டிலைச் சுற்றி ஒரு திரும்பல். ஆறு. ஏழு. நின்று ஒரு பார்வை. எட்டு. பதினேழு.

கூடத்துக்குப் போய்க் கேட்டார்கள். நேரம் கச்சிதம். இமை மூடித் திறக்கும் அளவுகூடப் பிசகவில்லை. ஆனால் டக். டக். டக்.

"பாத்தீங்களா" என்றான் டைரக்டர் தயக்கமாக.

செருப்பை மாற்றினாள். துணிக் காலணி. டக். வெறுங்கால். டும். காலணிக்கு மேல் காலுறை மாட்டினாள்; திருடர்கள் காட்சிக்கு அவள் வழக்கமாகச் செய்யும் வித்தை, இதுவரை தோற்றதே இல்லை. அதிலும் ஒரு அமுக்கம், ஒரு ஊன்றல். மைக்கைத் தள்ளி வைத்தாள். சத்தம் தூரம் போனதே தவிர, மென்மையாகவில்லை. பலகைக்கு அடியில் கம்பளி விரித்தாள். கம்பளியின் மேல் ஊன்றி நடப்பதுபோல் கேட்டது.

"கொஞ்சம் நகருங்க, நான் பண்ணிப் பாக்கறேன்" என்று டைரக்டர் எழுந்தான். நாலடி பூனைபோல் போனான். ஐந்தாவது அடியில் சரளைத் தட்டை மிதித்தான். கூடத்தில் அவர் ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டு, "யோவ், என்னய்யா அங்க, வீடு இடியுதா?" என்று கத்தினார். மூன்று பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு அது ஒன்றுதான் சிரிப்பு.

அவள் தனியாக ஹெட்போனை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். போட்ட வேகத்தில் கழற்றினாள். காதைக் கிழித்துவிடும் சத்தம். ஒலி அளவுக் குமிழ் கடைசிவரை திருகியிருந்தது. பாதிக்குக் குறைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். ஒவ்வொரு அடியிலும் முதலில் குதிகால் ஒரு தட்டுத் தட்டுகிறது. அப்புறம்தான் பாதம் இறங்குகிறது. இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று. இருபது வருடத்தில் ராணுவம் நடந்திருக்கிறாள், நர்ஸ் நடந்திருக்கிறாள், பேய்கூட நடந்திருக்கிறாள். எந்தக் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருந்ததில்லை. இது யாருடைய கால்?

"தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று அடுப்படிக்குப் போனாள். குடித்தாள். திரும்பக் கூடத்துக்குள் வரும்போது அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், ஹெட்போன் கழுத்தில். அவள் இன்னும் மூன்றடி தள்ளி இருக்கும்போதே அவர் மெல்லத் திரும்பி, "இன்னொன்னு எடுத்துருவோமா?" என்றார். "எடுப்போம்" என்றபடி அவரைக் கடந்து அறைக்குள் போனாள். குமிழை அவர் மறுபடியும் கடைசிவரை திருகுவதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

டைரக்டர் அவள் பின்னாலேயே உள்ளே வந்தான். வந்தவன் கதவைச் சாத்தினான். போர்வைகளை இழுத்துவிட்டான். ரகசியம் பேச இந்த அறையைப் போல் இடம் வேறு கிடையாது; உள்ளே வெடி வெடித்தாலும் கூடத்தில் பொரி உடைவதுபோல்தான் கேட்கும்.

"அக்கா, ஒன்னு கேக்கணும். மனசுல வச்சுக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"அண்ணனுக்குக் காது கேக்குதா?"

அவள் பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். காலணியின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

"நான் எட்டு தடவை மணி அடிச்சேன்" என்றான் அவன். "ஜன்னல் வழியா அவரைப் பாத்துக்கிட்டேதான் அடிச்சேன். தளத்துலயும் பசங்க சொன்னாங்க. நான்தான் நம்பல. என்னை முதப் படத்துல கைபிடிச்சு நடத்தினவரு. ஆனா நாப்பது நாள்க்கா. காட்டுல எடுக்கறோம். அங்க போய் இதே மாதிரி ஆச்சுன்னா, நீங்க ஒரு காட்டையே இந்த ரூமுக்குள்ள நடந்து காட்டணும்."

"ஹெட்போன் போட்டிருந்தாரு. அதான் மணி கேக்கல."

"உங்க மைக் அந்த ஹெட்போனுக்குத்தானேக்கா போகுது?"

ஒலியைப் பற்றி டைரக்டர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

"அவருக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள். குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது. கேட்டுப் பழகிய காது. "அந்தச் சீனுல கேபிள் கோளாறு. என்கிட்ட சொன்னாரு. நீங்க திட்டுவீங்கன்னு உங்ககிட்ட சொல்லல."

"போன படத்துலயும் கேபிள்தான்."

"அதே கேபிள்தான்."

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். அவளுக்குப் பக்கத்தில், சரளைத் தட்டைக் கவனமாகத் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்தான். "சரிக்கா. அதை விடுங்க. இந்தக் காலடிக்கு என்ன பண்ணலாம்? ஸ்டுடியோவுல ஒரு பொண்ணு இருக்கு. இந்த ஒரு சீனை மட்டும் அதுகிட்ட குடுக்கட்டுமா? உங்க பேருதான் போடுவேன்."

அது வலித்தது. இருபது வருடத்தில் அவள் காலுக்கு மாற்றுக் கால் வந்ததில்லை. ஆனால் வலியை விடக் களைப்பு பெரிதாக இருந்தது. ஒரு பொய் சொன்ன வாய்க்கு இன்னொன்று சுலபம்.

"குடுத்துருங்க" என்றாள். "எனக்கு முட்டி வலி தம்பி. ரெண்டு மூணு மாசமா. மெதுவா ஊன்ற முடியல, அதான் சத்தம் வருது. டாக்டர் தேய்மானம்னு சொல்லிட்டாரு."

"ஐயோ, சொல்லியிருக்கலாமேக்கா. காலைலேருந்து நடக்க விட்டுட்டேன்."

"வேலைன்னா அப்படித்தான். அவரோட தேதியை மட்டும் மாத்திடாதீங்க. அந்த நாப்பது நாளை நம்பிக்கிட்டிருக்காரு. நானும் கூட வரேன் வேணும்னா. பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

கடைசி வாக்கியம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது என்று சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. அவன் தலை குனிந்துகொண்டான். நல்ல பையன்.

அவன் எழுந்து கை கொடுத்தான். அவள் எழுந்தாள். அப்போதுதான் பார்த்தாள். முழங்கால் உயரத்தில், மூன்றடி தள்ளி, மைக். அதன் முகம் நேராக அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைக் முன்னால் வாயைத் திறக்காதே. அவளிடம் வேலை பழக வந்த எல்லாருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். பதிவு ஓடாவிட்டாலும் மைக் விழித்திருக்கும், கேட்கிறவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும் என்று எத்தனை பேரை அதட்டியிருப்பாள். குருவியின் கீச்சொலிதான் அவருக்கு எட்டாது; குமிழைக் கடைசிவரை திருகினால் பேச்சு எட்டிவிடும்.

போர்வையை விலக்கிக் கதவைத் திறந்தாள்.

அவர் கணினி முன் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் காதில். திரையில் அந்தக் கடைசிப் பதிவு. பதினேழு அடிகள், பதினேழு முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முள்ளுக்கும் முன்னால் ஒரு சின்ன முள். குதிகால். அவர் அந்தச் சின்ன முட்களை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார், ஒன்றன்பின் ஒன்றாக, எண்ணுவதுபோல். முழங்கைத் தழும்பு மேசை விளிம்பில் படிந்திருந்தது.

"அண்ணே, கிளம்பறேன்" என்றான் டைரக்டர். "இந்த சீனை ஸ்டுடியோவுல பாத்துக்கறேன். அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும். தேதி விஷயம் நாளைக்குப் பேசுவோம்."

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினார். அவனைத்தான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"தேதி வேண்டாம் தம்பி, வேற ஆளைப் பாருங்க. ஆனா அந்த சீனை இவகிட்டேருந்து எடுக்காதீங்க. இவ முட்டிக்கு ஒன்னுமில்ல. தெரியாம பின்னாடி வந்து நின்னா நான் பயந்துடறேன்னு, ஒரு வருஷமா இந்த வீட்டுக்குள்ள இவ இப்படித்தான் நடக்கறா."